பணம் கட்டும் பக்கத்துக்கு வராமலே டிக்கெட் வாங்கிய 40 பேர்

பேருந்து டிக்கெட் விற்கும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். பயணி முதலில் ஊரைத் தேடுகிறார், பிறகு இருக்கையைத் தேர்ந்தெடுக்கிறார். அடுத்துப் பணம் கட்டும் பக்கம் திறக்கிறது. பணம் போய்ச் சேர்ந்ததும் டிக்கெட் வருகிறது. இப்படி வரிசையாக அமைந்த படிகளில் ஒவ்வொன்றையும் எத்தனை பேர் எட்டினார்கள் என்று எண்ணிப் பார்ப்பதை இந்தத் துறையில் ஃபனல் என்பார்கள். மேல் படியில் கூட்டம் அதிகமாக இருக்கும். கீழே இறங்க இறங்க ஆள் குறைவார்கள். எந்தப் படியில் அதிகம் பேர் கழன்றுகொள்கிறார்களோ அங்கே ஏதோ இடைஞ்சல் இருக்கிறது என்று நிறுவனம் புரிந்துகொள்ளும்.

ஒருநாள் இரவு பத்து மணிக்கு அன்றைய கணக்கை எடுக்கிறார்கள். பணம் கட்டும் பக்கத்தைத் திறந்தவர்கள் 1000 பேர். டிக்கெட் பெற்றவர்கள் 1040 பேர். அந்தப் பக்கத்துக்கு வந்தவர்களில் 104 சதவீதம் பேர் டிக்கெட் வாங்கிவிட்டார்கள் என்கிறது டாஷ்போர்டு. (இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் இந்த வகைக் கணக்கைக் கையாளும் எவரும் இதைப் போன்ற ஒன்றைச் சந்தித்திருப்பார்கள்.)

நூறு பேர் நுழைந்த கதவு வழியாக நூற்று நான்கு பேர் வெளியே வர முடியாது. அப்படியானால் எங்கோ பதிவு பிசகியிருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிப்பதற்கு முன், இந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க வேண்டும்.

இரண்டு பதிவுகள், இரண்டு கடிகாரங்கள்

பணம் கட்டும் பக்கம் திறந்ததைப் பதிவு செய்வது பயணியின் கைபேசி. அந்தப் பதிவுக்கு `pay_open` என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டிக்கெட் உறுதியானதைப் பதிவு செய்வது நிறுவனத்தின் சர்வர். அதன் பெயர் `ticket_issued`. இரண்டும் கடைசியில் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளாக உட்கார்ந்துகொள்வதால், ஒரே ஆள் ஒரே கடிகாரத்தைப் பார்த்து எழுதியது போலத் தோன்றும். உண்மை அப்படியில்லை.

கைபேசி எந்தப் பதிவையும் உடனுக்குடன் அனுப்புவதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ஒருமுறை இணையத்தை எழுப்பினால் பேட்டரி தீர்ந்துவிடும். அதனால் பதிவுகளைச் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்புகிறது. பரவலாகப் பயன்படும் கூகுளின் ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸ் பொதுவாகச் சுமார் ஒரு மணி நேரப் பதிவுகளைத் திரட்டி ஒன்றாக அனுப்பும். இணையம் இல்லாவிட்டால் அந்தக் கட்டு கைபேசியிலேயே கிடக்கும். சர்வருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. டிக்கெட் உறுதியான மறுகணமே அதன் பதிவு அட்டவணைக்குப் போய்விடும்.

யூபிஐ வழியாகப் பணம் கட்டுபவரின் பாதையைக் கவனித்தால் இந்த இடைவெளி எங்கே விரிகிறது என்று தெரியும். அவர் பணம் கட்டும் பக்கத்தைத் திறந்ததும் கைபேசி `pay_open` பதிவைத் தன் நினைவகத்தில் எழுதி வைக்கிறது. ரகசிய எண்ணைப் போடுவதற்காக அவர் வேறொரு செயலிக்குத் தாவுகிறார். டிக்கெட் செயலி பின்னால் போகிறது. நினைவகம் போதாத கைபேசியாக இருந்தால், பின்னால் போன செயலியை இயங்குதளம் மூடியே விடலாம். பணம் போனதும், பணப் பரிமாற்றத்தைக் கையாளும் நிறுவனம் டிக்கெட் நிறுவனத்தின் சர்வருக்கு நேரடியாகத் தகவல் சொல்கிறது. சர்வர் டிக்கெட்டைக் கொடுத்துத் தன் பதிவையும் எழுதிவிடுகிறது. பயணிக்கு டிக்கெட் குறுஞ்செய்தியில் வந்துவிட்டது, அவர் கைபேசியைப் பைக்குள் போட்டுவிடுகிறார். `pay_open` இன்னும் கைபேசியிலேயே இருக்கிறது. மறுபடி அவர் அந்தச் செயலியைத் திறக்கும்போதுதான் அது கிளம்பும். அது பேருந்து ஏறும் நேரமாக இருக்கலாம், இரண்டு நாள் கழித்தும் இருக்கலாம்.

ஆக, பின்னால் நடந்தது முன்னால் வந்து சேர்கிறது. முன்னால் நடந்தது பின்னால் வருகிறது, சிலசமயம் வராமலே போகிறது.

இதோடு கடிகாரப் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. `pay_open` பதிவில் இருக்கும் நேரம் கைபேசி காட்டிய நேரம். பலரின் கைபேசி நேரத்தை வலையமைப்பிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும். ஆனால் அதை அணைத்துவிட்டுக் கையால் நேரம் வைத்திருப்பவர்களும் உண்டு. ஒரு கைபேசி ஆறு நிமிடம் வேகமாக ஓடினால், 10:14-க்குத் திறந்த பக்கம் 10:20-க்குத் திறந்ததாகப் பதிவாகும். அதே பயணிக்கு 10:15-க்குச் சர்வர் டிக்கெட் கொடுத்திருந்தால், டிக்கெட் வாங்கிய பிறகு அவர் பணம் கட்டும் பக்கத்தைத் திறந்தார் என்று அட்டவணை சொல்லும்.

கண்டிப்பான க்வெரி செய்யும் தவறு

104 சதவீதத்தைப் பார்த்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். இதுவரை க்வெரி ஒவ்வொரு படியையும் தனித்தனியாக எண்ணியது. இனி வரிசையைக் கட்டாயமாக்கு என்பார்கள். `pay_open` இருக்க வேண்டும், அதற்குப் பிந்தைய நேரத்தில் `ticket_issued` இருக்க வேண்டும், இரண்டும் பொருந்தினால் மட்டும் எண்ணு. கிளிக்ஹவுஸ் என்ற தரவுத்தளத்தில் இதற்கென்றே `windowFunnel` என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. முதல் படியிலிருந்து குறிப்பிட்ட கால அளவுக்குள், வரிசையாக எத்தனை படிகளை ஒருவர் எட்டினார் என்று அது சொல்லும்.

நம் செயலியில் இப்படி எண்ணினால் 1040 என்பது 780 ஆகிறது. 1000 பேரில் 780 பேர், அதாவது 78 சதவீதம். நம்பும்படியான எண்தான். கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அபாயமே அங்கேதான் இருக்கிறது. 104 என்ற எண் தன் பிழையைத் தானே காட்டிக்கொடுத்தது, 78 அப்படிக் காட்டாது. மீதமுள்ள 260 பேரும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள். அவர்களைக் கண்டிப்பான க்வெரி சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. அதோடு நில்லாமல், அவர்களில் வரிசை தலைகீழானவர்களைப் பணம் கட்டாமல் போனவர்களின் கணக்கில் சேர்த்தும்விட்டது. இதை நம்பி, 22 சதவீதம் பேர் பணம் கட்டும் பக்கத்தில் கழன்றுகொள்கிறார்கள் என்று முடிவு கட்டி, அந்தப் பக்கத்தையே மாற்றியமைக்கக் கிளம்புவார்கள்.

260 பேரும் ஒரே வகையினர் அல்ல

செய்ய வேண்டியது, வரிசைக்குள் அடங்காதவர்களை ஒதுக்காமல் வகைபிரிப்பது. டிக்கெட் பெற்ற ஒவ்வொரு முன்பதிவையும் எடுத்துக்கொண்டு, அதற்குரிய `pay_open` இருக்கிறதா, இருந்தால் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

```sql
WITH b AS (
  SELECT booking_id,
    MIN(CASE WHEN event = 'pay_open'
        THEN event_time END) AS t_open,
    MIN(CASE WHEN event = 'ticket_issued'
        THEN event_time END) AS t_ticket
  FROM events
  GROUP BY booking_id
)
SELECT
  CASE WHEN t_open IS NULL THEN 'no_open'
       WHEN t_open > t_ticket THEN 'reversed'
       ELSE 'in_order' END AS kind,
  COUNT(*) AS n
FROM b
WHERE t_ticket IS NOT NULL
GROUP BY 1;
```

இதில் பயணியின் அடையாளத்தை விட்டுவிட்டு முன்பதிவு எண்ணை வைத்துச் சேர்த்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே ஆள் காலையில் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் போய், மாலையில் வேறொரு டிக்கெட் வாங்கியிருக்கலாம். ஆளை வைத்துச் சேர்த்தால் காலைப் பதிவு மாலை டிக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு, எல்லாம் ஒழுங்காக இருப்பது போலக் காட்டும். நம் கணக்கில் ஒருவருக்கு ஒரு முன்பதிவு என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஒரு நாளின் டிக்கெட்டுகளை ஆராயும்போது, `pay_open` பதிவை முந்தைய நாளிலும் தேட வேண்டும். நள்ளிரவுக்கு இரண்டு நிமிடம் முன்பு பக்கத்தைத் திறந்து, நள்ளிரவு தாண்டி டிக்கெட் பெற்றவரின் இரண்டு பதிவுகளும் இரண்டு தேதிகளில் விழுந்திருக்கும்.

அன்றிரவு பத்து மணிக்கு இந்தக் க்வெரி தரும் விடை இது: ஒழுங்கான வரிசையில் 780, தலைகீழாக 70, பக்கம் திறந்த பதிவே இல்லாமல் 190. கூட்டினால் 1040. இவர்கள் தவிர, பக்கத்தைத் திறந்து டிக்கெட் வாங்காதவர்கள் 150 பேர். 780, 70, 150 மூன்றையும் கூட்டினால் நாம் முதலில் பார்த்த 1000 வரும். இப்போது ஒவ்வொரு வகையாகப் பார்க்கலாம்.

முதல் மருந்து, காத்திருப்பது

பதிவே இல்லாத 190 பேரில் பெரும்பாலோரின் பதிவு தொலைந்துவிடவில்லை, வழியில் இருக்கிறது. கைபேசிப் பதிவுகள் தாமதமாக வருவது இந்தத் துறை முழுவதும் ஏற்றுக்கொண்ட விஷயம். கூகுள் அனலிட்டிக்ஸ் 4 தன் தரவை பிக்குவெரிக்கு ஏற்றும்போது, ஒரு நாளின் அட்டவணையை அந்த நாள் முடிந்த பின்னும் மூன்று நாள் வரை புதுப்பித்துக்கொண்டிருக்கும். பிந்தி வரும் பதிவுகளுக்கு இடம்விடத்தான் அந்த மூன்று நாள்.

அதே க்வெரியை நாமும் மூன்று நாள் கழித்து ஓட்டுகிறோம். பதிவில்லாதவர்கள் 190-இலிருந்து 60 ஆகக் குறைந்துவிட்டார்கள். பிந்தி வந்த 130 பதிவுகளில் 118 ஒழுங்கான வரிசையில் சேர்ந்தன, 12 தலைகீழ் வகைக்குப் போயின. டிக்கெட் வாங்காதவர்களின் பதிவுகளும் சில பிந்தி வந்திருக்கின்றன, அந்த எண்ணிக்கை 150-இலிருந்து 168 ஆகியிருக்கிறது. டிக்கெட் எண்ணிக்கை மட்டும் 1040-லேயே நிற்கிறது. ஏனென்றால் சர்வர் பதிவு அன்றே முழுமையாக வந்துவிட்டது.

ஒரு பக்கத்து எண் உடனே முழுமையடைகிறது, மறுபக்கத்து எண் மெல்ல வளர்கிறது. 104 சதவீதத்தின் பெரும்பங்கு இந்த வேக வித்தியாசத்தால் வந்தது. அதனால் இரவு பத்து மணிக்கு எடுத்த எண்ணை முடிவான எண்ணாக யாருக்கும் காட்டக் கூடாது. எத்தனை நாள் காத்திருப்பது என்பதையும் ஊகிக்க வேண்டியதில்லை. நடந்த நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பழைய பதிவுகளில் அளந்து பார்த்தால், எத்தனை நாளில் கிட்டத்தட்ட எல்லாம் வந்து சேர்கின்றன என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது மருந்து, கடிகாரத்தைத் திருத்துவது

தலைகீழ் வகையில் இப்போது 82 பேர். இங்கே பதிவு இருக்கிறது, நேரம்தான் பொய் சொல்கிறது. அந்தப் பொய்யை அளப்பதற்கு ஒரு வழி இருக்கிறது.

கடிதத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். எழுதியவர் தன் கடிகாரத்தைப் பார்த்து எழுதிய நேரத்தைக் கடிதத்தின் மேலே போடுகிறார். தபாலில் சேர்க்கும்போதும் அதே கடிகாரத்தைப் பார்த்து உறையின்மேல் ஒரு நேரம் எழுதுகிறார். பெறுபவர் தன் சரியான கடிகாரத்தைப் பார்த்து, வந்த நேரத்தைக் குறிக்கிறார். கடிதம் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டால், உறைமேல் எழுதிய நேரத்துக்கும் பெற்ற நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் எழுதியவரின் கடிகாரப் பிழைதான்.

கைபேசிப் பதிவிலும் இந்த மூன்று நேரங்களைச் சேமித்து வைக்கலாம். நாம் பார்த்த பயணியின் கைபேசி `pay_open` நடந்ததாகச் சொன்ன நேரம் 10:20:05. அதை அனுப்பியபோது அதே கைபேசி காட்டிய நேரம் 10:26:00. சர்வர் அதைப் பெற்ற நேரம் 10:20:00. ஆகவே கைபேசி ஆறு நிமிடம் வேகம். 10:20:05-இலிருந்து ஆறு நிமிடத்தைக் கழித்தால் 10:14:05. சர்வர் டிக்கெட் கொடுத்தது 10:15:40-க்கு. வரிசை நேராகிவிட்டது.

```
corrected_time = event_time - (sent_at - received_at)
```

செக்மென்ட், ஆம்ப்ளிட்யூட் போன்ற தரவு சேகரிப்புச் சேவைகளும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. இதற்கு எல்லைகளும் உண்டு. பதிவு எழுதியதற்கும் அனுப்பியதற்கும் நடுவில் பயணி தன் கைபேசி நேரத்தை மாற்றிவிட்டால் கணக்கு தவறும். இணையம் மந்தமாக இருந்து கட்டு வந்துசேரச் சில நொடிகள் ஆனால், அந்த நொடிகளும் கடிகாரப் பிழையாக எண்ணப்பட்டுவிடும். ஆகவே இந்தத் திருத்தத்துக்குப் பிறகும் ஓரிரு நொடி வித்தியாசத்தை வைத்து வரிசையைத் தீர்மானிக்கக் கூடாது.

நம் கணக்கில் இந்தத் திருத்தம் 82 பேரை 10 ஆக்குகிறது. அந்தப் பத்துப் பேரிலும் டிக்கெட் நேரத்துக்கும் பக்கம் திறந்த நேரத்துக்கும் இடைவெளி சில நொடிகளே. இங்கே கடிகாரத்தை விட்டுவிட்டு, செயலி இயங்கும் முறையைக் கேட்க வேண்டும். ஒரு முன்பதிவுக்குப் பணம் கட்டும் பக்கம் திறந்த பதிவும் இருக்கிறது, டிக்கெட்டும் இருக்கிறது. டிக்கெட் கொடுத்து முடிந்த முன்பதிவுக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கவே செயலி விடாது. ஆகவே பக்கம்தான் முதலில் திறந்திருக்க வேண்டும்.

கணினி அறிவியலில் இந்தச் சிந்தனைக்கு உறுதியான அடித்தளம் இருக்கிறது. லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் வெளியிட்ட கட்டுரையில், பல கணினிகள் சேர்ந்து இயங்கும் இடத்தில் எது முன்பு நடந்தது என்பதற்குச் சுவர்க்கடிகாரத்தை நம்ப வேண்டியதில்லை என்று காட்டினார். ஒரு செய்தியை அனுப்பியது, அதைப் பெற்றதற்கு முன்புதான் நடந்திருக்க முடியும். காரணத்தொடர்பு இருக்கும் இடத்தில் அந்தத் தொடர்பே வரிசையைச் சொல்லிவிடும். தொடர்பு இல்லாத இடத்தில்தான் நேரத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

எஞ்சிய 60 பேர்

காத்திருந்தும் கடிகாரத்தைத் திருத்தியும் 60 பேருக்கு `pay_open` பதிவே இல்லை. இவர்களைத்தான் உண்மையில் விசாரிக்க வேண்டும். அதற்கு நல்ல வழி, செயலியின் பதிப்பு, கைபேசி வகை, டிக்கெட் வாங்கிய வழி என ஒவ்வொன்றாக வைத்துப் பிரித்துப் பார்ப்பது. பதிவுகள் தற்செயலாகத் தொலைந்திருந்தால் எல்லாப் பிரிவிலும் சிதறிக் கிடக்கும். ஓரிடத்தில் குவிந்திருந்தால் அங்கே ஒரு காரணம் இருக்கிறது.

நம் 60 பேரில் 22 பேர், முன்பு சேமித்த அட்டையை வைத்து ஒரே தொடுதலில் டிக்கெட் வாங்கியவர்கள். அந்த வழியில் பணம் கட்டும் பக்கமே கிடையாது. இவர்கள் படியைத் தாண்டவில்லை, வேறு படிக்கட்டில் வந்தார்கள். இவர்களை இந்த ஃபனலிலிருந்து எடுத்துத் தனியாக எண்ண வேண்டும். இன்னும் 31 பேர் ஒரே பழைய பதிப்பைப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பதிப்பு, பக்கம் முழுவதும் இறங்கி முடிந்த பிறகுதான் `pay_open` எழுதுகிறது. அதற்குள் யூபிஐ செயலிக்குத் தாவியவர்களுக்குப் பதிவு எழுதப்படவே இல்லை. இது நிரல் எழுதுபவர் சரிசெய்ய வேண்டிய பிழை. மிச்சமுள்ள 7 பேரின் பதிவுகள் எந்த ஒழுங்கிலும் அடங்காமல் தொலைந்தவை. டிக்கெட் வாங்கியதும் செயலியை நீக்கிவிட்டவர்கள் இதில் இருக்கலாம்.

31 பேரும் 7 பேரும் பக்கத்துக்கு வந்தவர்கள்தான் என்று உறுதியாகச் சொல்லலாம், ஏனென்றால் அவர்கள் வந்த வழியில் அந்தப் பக்கத்தைத் தாண்டாமல் டிக்கெட் கிடைக்காது. எனவே பக்கத்துக்கு வந்தவர்கள் பட்டியலில் அவர்களைச் சேர்க்கிறோம். பதிவு உள்ளவர்கள் 1148, அதோடு 38, மொத்தம் 1186. டிக்கெட் வாங்கியவர்களில் அந்த 22 பேரைக் கழித்தால் 1018. விகிதம் சுமார் 86 சதவீதம்.

முதலில் வந்த 104-ம் தவறு, கண்டிப்பாக எண்ணி வந்த 78-ம் தவறு. பணம் கட்டும் பக்கத்தில் கழன்றுகொள்பவர்கள் 22 சதவீதம் இல்லை, சுமார் 14 சதவீதம்.

86-ம் கொஞ்சம் சாய்ந்த எண்தான்

இங்கே நிறுத்திவிட்டால் ஒரு நுட்பமான பிழை உள்ளே தங்கிவிடும். தொலைந்த பதிவை மீட்க நமக்கு உதவியது டிக்கெட். டிக்கெட் வாங்கியவரின் `pay_open` தொலைந்தால், டிக்கெட்டே சாட்சியாக நின்று அவர் பக்கத்துக்கு வந்தார் என்று சொல்லிவிடும். ஆனால் பக்கத்தைத் திறந்து, வாங்காமல் போனவரின் பதிவு தொலைந்தால், அவருக்குச் சாட்சி சொல்ல யாருமில்லை. அவர் கணக்கிலிருந்து அடியோடு காணாமல் போகிறார். ஆகவே இந்தத் திருத்தம் எப்போதும் விகிதத்தைச் சற்று உயர்த்தித்தான் காட்டும்.

எவ்வளவு உயர்த்துகிறது என்று மதிப்பிட முடியும். வாங்கிய 1018 பேரில் 38 பேரின் பதிவு இல்லை, அதாவது நூற்றுக்கு நாலுக்கும் கொஞ்சம் குறைவு. வாங்காதவர்களிடமும் இதே அளவு தொலைந்திருந்தால், 168 என்பது உண்மையில் 175-ஐ ஒட்டி இருந்திருக்கும். விகிதம் சுமார் 85 சதவீதத்துக்கு இறங்கும். பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பக்கம் திறந்ததும் செயலியே உறைந்து நின்றுவிடும் கைபேசிகள் இருந்தால் நிலைமை மாறும். அங்கே ஒரே கோளாறு பதிவையும் தொலைக்கிறது, விற்பனையையும் தொலைக்கிறது. அப்போது வாங்காதவர்களிடம் தொலைந்த பதிவுகள் இதைவிட அதிகமாக இருக்கும். ஃபனல் எதைக் காட்டுவதற்காக உருவானதோ அந்த இடைஞ்சலே அதன் கண்ணில் படாமல் போகும்.

இதைத் தடுக்க வேண்டுமானால், பக்கம் திறந்ததைச் சர்வரும் தன் பங்குக்குப் பதிவு செய்ய வேண்டும். பணம் கட்டும் பக்கத்தைக் காட்டும் முன் கைபேசி தொகையைச் சர்வரிடம் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வி வந்த கணத்தையே படியாக எடுத்துக்கொண்டால், இரண்டு படிகளும் சர்வரின் கடிகாரத்திலேயே பதிவாகும். தாமதமும் இல்லை, கடிகாரப் பிழையும் இல்லை, வாங்காமல் போனவருக்கும் சாட்சி கிடைக்கிறது. கைபேசிப் பதிவு அப்போதும் தேவைதான். சர்வர் தொகையைச் சொன்ன பிறகும் கைபேசியில் பக்கம் தோன்றவில்லை என்றால், இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் அதைச் சொல்லும்.

அதனால் ஒரு ஃபனல் எண்ணை யாரேனும் உங்கள் முன் வைத்தால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எத்தனை நாள் காத்திருந்து எடுத்த எண்? ஒவ்வொரு படியின் நேரமும் எந்தக் கடிகாரத்திலிருந்து வந்தது? முந்தைய படியின் பதிவே இல்லாமல் பிந்தைய படியை எட்டியவர்கள் எத்தனை பேர், அவர்களை என்ன செய்தீர்கள்? மூன்றாவது கேள்விக்கு எவரும் இல்லை என்று பதில் வந்தால், க்வெரி அவர்களை முன்பே வடிகட்டிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விகிதத்துக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணிக்கையையும் தினமும் அச்சிட்டு வைத்தால், ஒருநாள் அது திடீரென்று உயரும்போது புதிய பதிப்பில் ஏதோ உடைந்திருக்கிறது என்று விற்பனைக் கணக்குக்கு முன்பே தெரிந்துவிடும்.